வெளியேறும் சீட்டு: தசம எண் பாடத்தில் ஒரு செய்முறை

ஏழாம் வகுப்பில் தசம எண்களை ஒப்பிடும் பாடத்தை எடுத்துக்கொண்டு, பாடவேளையின் இறுதியில் வாங்கும் ஒரு சிறு சீட்டு மறுநாள் பாடத்தை எப்படி மாற்ற வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். அட்டவணை, பாடக்குறிப்பு ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: கேள்வியை அமைத்தல்

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். "0.4, 0.35 இவற்றில் எது பெரியது?" என்று மட்டும் கேட்டால், 0.4 என்று எழுதிய மாணவர்கள் எல்லோருக்கும் பாடம் புரிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் இலக்கம் கூடக்கூட எண் சிறியதாகும் என்று தவறாக நம்பும் மாணவரும் அதே விடையைத்தான் எழுதுவார். முப்பத்தைந்து துண்டுகளாக வெட்டினால் துண்டு சிறியதாகும் என்பது போன்ற ஒரு பின்ன எண்ணம் அவர் மனத்தில் இருக்கும். எதிர்ப்பக்கத்தில், புள்ளிக்குப் பின் வருவதை "முப்பத்தைந்து" என்று படித்துப் பழகியவர் 35 நான்கைவிடப் பெரியது என்று நினைப்பார், ரூபாய் 4.50ஐ "நாலு ரூபாய் ஐம்பது காசு" என்று சொல்லும் வழக்கமும் இந்தப் பழக்கத்தை வளர்க்கிறது.

ஆகவே இரண்டு இணைகள் வேண்டும்:

அ) 0.4, 0.35
ஆ) 0.3, 0.47

நீளமானதே பெரியது என்பவர் 'அ'வில் தவறி 'ஆ'வில் சரியாக எழுதுவார். குட்டையானதே பெரியது என்பவர் நேர்மாறாக எழுதுவார். இரண்டும் சரியாக இருந்தால்தான் இடமதிப்பு புரிந்திருக்கக்கூடும்.

படி 2: வகுப்பின் நடுவே

பாடத்தின் பாதியில் இதே வகையான ஓர் இணையைக் கரும்பலகையில் எழுதி, முதல் எண் பெரியது என்றால் ஒரு விரலையும் இரண்டாவது என்றால் இரண்டு விரல்களையும் மார்போடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். கையைத் தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள்.

படி 3: சீட்டு வாங்குதல்

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கொடுங்கள். பழைய நோட்டின் வெற்றுத்தாளை நான்காகக் கிழித்தால் போதும். கைப்பேசிச் செயலிகளைவிட எனக்குத் தாளே பிடிக்கும், ஏனெனில் அதை மேசையில் பரப்பிக் கைகளாலேயே பிரிக்கலாம். பெயரைப் பின்புறம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். போட்டால் பக்கத்துப் பிள்ளையின் தாளில்தான் கண் போகும்.

படி 4: அடுக்குதல்

சரி, தவறு என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள், தவறின் வகைப்படி அடுக்குங்கள். எடுத்துக்காட்டாக, 36 சீட்டுகளில் 15 இரண்டும் சரி, 13 'அ' மட்டும் தவறு, 6 'ஆ' மட்டும் தவறு, 2 இரண்டும் தவறு என்று வந்தால், மறுநாள் கூட்டல் கணக்குக்குப் போக முடியாது. பாதிக்கு மேற்பட்டோர் தடுமாறுவதால் முழு வகுப்புக்கும் மீண்டும் நடத்த வேண்டும். நாலைந்து பேர் மட்டும் தவறியிருந்தால், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு அவர்களைத் தனியே உட்கார வைத்துப் பேசினாலே போதும்.

படி 5: மறுநாள் பாடம்

'0.4ஐ 0.40 என்று எழுதிக்கொள், 40 பெரியது' என்ற குறுக்குவழியைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். விடை சரியாக வரும், ஆனால் முழு எண்ணாகவே பார்க்கும் பழக்கம் அப்படியே இருக்கும். அதற்குப் பதிலாகப் பத்துக்குப் பத்துக் கட்டங்கள் உள்ள சதுரத்தைக் கொடுத்து, 0.4க்கு நான்கு முழு வரிசைகளையும், 0.35க்கு மூன்று வரிசைகளையும் ஐந்து கட்டங்களையும் நிரப்பச் சொல்லுங்கள். 0.3, 0.47 இணையையும் அதேபோல் செய்தால் இரு வகைத் தவறுகளும் ஒரே படத்தில் வெளிப்படும்.

அன்றைய சீட்டில் "0.4க்கும் 0.5க்கும் நடுவில் உள்ள ஓர் எண்ணை எழுதுக" என்று கேளுங்கள். "எதுவும் இல்லை" என்ற விடை வந்தால் நூறில் ஒன்று என்ற இடம் இன்னும் மனத்தில் உருவாகவில்லை என்று பொருள்.

பின்சேர்க்கை

மேட்டூர் நீர்மட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னால் நம் டெல்டாப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். தம் வகுப்பில் 119.4 அடியைச் சிலர் "119 அடி 4 அங்குலம்" என்று படிப்பதாக ஓர் ஆசிரியை கருத்துப்பெட்டியில் குறிப்பிட்டிருக்கிறார். இது உண்மையான சிக்கல்தான். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால், 0.4 அடி என்பது ஐந்து அங்குலத்துக்குச் சற்றே குறைவு. எனவே அணை எடுத்துக்காட்டுக்குப் போகும் முன், "அரை அடியைத் தசமத்தில் எழுதுக" என்று சிலேட்டில் கேட்டுவிடுங்கள். 0.5 என்று வந்தால் தொடரலாம். 0.6 என்று பலர் எழுதினால் அன்றைக்கு அணையை விட்டுவிட்டு, நூறு சென்டிமீட்டர் கொண்ட மீட்டர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்.