2d ஏன் இல்லை? நான்கு குவாண்டம் எண்களைச் சரிபார்க்கும் முறை

(n, l, m, s) என்று நான்கு எண்கள் கொடுத்து, இப்படி ஓர் எலக்ட்ரான் இருக்க முடியுமா என்று கேட்டால், இடமிருந்து வலமாகவே சரிபாருங்கள். ஒவ்வோர் எண்ணும் தனக்கு அடுத்த எண்ணுக்கு எல்லை போடுகிறது. s மட்டும் யாருக்கும் கட்டுப்படாது.

முதலில் n, அதாவது கூட்டின் எண். 1, 2, 3 என்று முழு எண்ணாக இருந்தால் போதும்.

அடுத்து l. பலர் சறுக்குவது இங்கேதான். l-இன் மதிப்பு 0-இல் தொடங்கி n−1-இல் முடியும்; n வரை போகாது. (2, 2, 0, +½) என்பதை எடுத்துக்கொள்வோம். l = 0, 1, 2 என்பவற்றை முறையே s, p, d என்ற எழுத்துகளால் குறிப்போம்; இந்த s நான்காவது எண்ணான s அல்ல. l = 2 என்றால் d; ஆக இது 2d. எலக்ட்ரானைக் காணவே வாய்ப்பில்லாத பரப்புக்குக் கணு என்று பெயர். ஓர் ஆர்பிட்டாலில் மொத்தம் n−1 கணுக்கள். அவற்றில் l கணுக்கள் கோணம் சார்ந்தவை, மீதி n−l−1 ஆரம் சார்ந்தவை. 2d-க்குக் கணக்குப் போட்டால் 2−2−1 = −1 வருகிறது. கணுவின் எண்ணிக்கை சுழியத்துக்குக் கீழே போகாது, அதனால் 2d கிடையாது. 3d-க்கு 0 வருகிறது, அது இருக்கிறது. (கையால் எழுதும்போது l-ஐச் சுழித்து எழுதுங்கள். நேர்க்கோடாகப் போட்டால் 1 ஆகிவிடும்.)

மூன்றாவது m: −l முதல் +l வரை, நடுவில் உள்ள 0-வையும் சேர்த்து. p-க்கு −1, 0, +1 என மூன்று. (3, 1, 2, −½) செல்லாது, ஏனென்றால் l = 1 ஆக இருக்கும்போது m = 2 வராது.

கடைசியில் s: +½ அல்லது −½. (3, 0, 0, 0) இந்த இடத்தில் அடிபடும்.

ஓர் அணுவுக்குள் இரண்டு எலக்ட்ரான்களுக்கு நான்கு எண்களும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது 1925-இல் பவுலி சொன்ன தவிர்க்கை விதி. ஓர் ஆர்பிட்டாலுக்குள் n, l, m மூன்றும் ஒன்றே, s மட்டும்தான் மாறலாம்; அதனால் அதில் இரண்டே எலக்ட்ரான்கள். n = 3-க்கு 1 + 3 + 5 = 9 ஆர்பிட்டால்கள், 18 எலக்ட்ரான்கள். 2n² என்று மனப்பாடம் செய்வதைவிட ஓர் ஆர்பிட்டாலுக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் m-ஐ எழுதிப் பார்ப்பதே மேல்.

அப்படியானால் ஆர்கானில் மூன்றாம் கூடு 8-உடன் நிற்பதேன்? இடம் இருப்பது வேறு, நிரம்புவது வேறு. பொட்டாசியத்தின் 19-ஆவது எலக்ட்ரானுக்கு 3d-யும் அனுமதிக்கப்பட்ட இடம்தான். ஆனால் அந்த அணுவில் 4s-இன் ஆற்றல் குறைவு, அதனால் அது (4, 0, 0, +½)-க்குப் போகிறது. நான்கு எண்களும் இடங்களைத்தான் காட்டும். எது முதலில் நிரம்பும் என்பதை ஆற்றல் முடிவு செய்கிறது.

பின்சேர்க்கை: ஆக்சிஜனின் எட்டாவது எலக்ட்ரானுக்கு ஒரு புத்தகத்தில் m = −1, இன்னொன்றில் +1 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். எந்தக் கட்டத்திலிருந்து நிரப்பத் தொடங்குகிறோம் என்பது வெறும் வழக்கம். 2p⁴-இல் நான்கு எலக்ட்ரான்களுக்கும் எழுதிய எண்தொகுதிகள் வெவ்வேறாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.