வரவேற்பு மண்டபத்தில் கண்ணை எங்கே வைப்பது?

நான் பார்க்கச் சுமார்தான். ஐந்தடி நாலங்குலம், முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. கல்யாண வரவேற்பு என்றால் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு நேரே பந்திக்குப் போகிற ரகம். என் பெரியப்பா என்னைவிடக் குள்ளம், பல் வேறு எடுப்பு. ஆனால் அவர் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் சுற்றிலும் நாற்காலிகள் திரும்பிவிடும். போன தை மாதம் ஒரு வரவேற்பில் இரண்டு மணி நேரம் அவரையே கவனித்தேன். அப்புறம் ஆறு மாதம் பழகிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது.

படி 1: வாசலில் ஒரு நொடி நில்லுங்கள்

பெரியப்பா வாசலில் நின்று யாராவது ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவரை நோக்கித்தான் நடப்பார். நான் சுவரோரமாக நழுவுவேன், எல்லாரும் என்னையே பார்ப்பதாக நினைப்பு. 2000-இல் தாமஸ் கிலோவிச் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாரி மானிலோ என்ற பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அது அவர்களுக்குக் கூச்சம் தரும் சட்டை. அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். இதைப் படித்த பிறகுதான் என் நடை நேரானது.

படி 2: கண் (நான் சறுக்கிய இடம்)

'கண்ணைப் பார்த்துப் பேசு' என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று, இமைக்காமல் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் ஒருவர் சட்டையைத் தடவிக்கொண்டு, "என்ன சார், ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றார்.

தப்பு எங்கே என்றால், பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே அளவு பார்ப்பதில்லை. ஆடம் கென்டன் என்ற ஆய்வாளர் 1967-லேயே இதை எழுதியிருக்கிறார். கேட்பவர் நீளநீளமாகப் பார்க்கிறார். பேசுபவர் பேச்சைத் தொடங்கும்போது பெரும்பாலும் பார்வையை விலக்குகிறார், முடிக்கும்போது திரும்பக் கொண்டுவருகிறார். 'இனி நீங்கள் பேசுங்கள்' என்பதற்கு அதுதான் சைகை. நான் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்: என் பேச்சின்போது முறைப்பு, அவர் பேசும்போது செல்போன்.

ஆகவே கேட்கும்போது தாராளமாகப் பாருங்கள். பேசும்போது விட்டுவிட்டுப் பாருங்கள், கடைசி வார்த்தையில் மட்டும் கண் அவரிடம் இருக்கட்டும். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 500 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், ஒரே மூச்சில் பார்க்கச் சௌகரியமான நேரம் சராசரியாக மூன்று நொடிக்குச் சற்று மேல். அதற்காக மனசுக்குள் எண்ணாதீர்கள். எண்ணுவது முகத்திலேயே தெரிந்துவிடும்.

விலக்கும்போது யோசிப்பவர் மாதிரி பக்கவாட்டில் விலக்குங்கள். அவர் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தால், வேறு பெரிய ஆளைத் தேடுகிறீர்கள் என்று அர்த்தமாகிவிடும்.

கண்ணாடி முன் பயிற்சி வேண்டாம், அதில் உங்களையேதான் பார்ப்பீர்கள். நண்பரோடு பேசுவதை அவரிடம் சொல்லிவிட்டுப் போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, சத்தத்தை அணைத்துப் பாருங்கள். எனக்கு அது ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது, ஆனால் வேலை செய்தது.

படி 3: அடுத்த கேள்வி

சிரிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. உள்ளே நுழையும்போதே மாட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆளைப் பார்த்த பிறகு வரட்டும்.

மற்றதெல்லாம் கேள்விதான். அன்று பக்கத்து நாற்காலிக்காரர், "ஈரோட்டுல மஞ்சள் மண்டி வெச்சிருக்கேன்" என்றார். நானாக இருந்தால், "அப்படியா, நான் ஐ.டி.ல இருக்கேன்" என்று முடித்திருப்பேன். பெரியப்பா, "காய்ஞ்சிருக்கான்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க, உடைச்சுப் பார்த்தா?" என்றார். அவ்வளவுதான். நன்றாகக் காய்ந்த விரலி உடையும்போது எழும் கணீர் சத்தத்தை அந்த மனிதர் வாயாலேயே செய்து காட்டினார். கால் மணி நேரத்தில் பெரியப்பா பேசியது நாலு வாக்கியம் இருக்கும். விடைபெறும்போது மண்டிக்காரர் சொன்னார்: "உங்ககிட்ட பேசுனதுல நேரம் போனதே தெரியல."

கேள்வி அவர் சொன்ன பதிலிலிருந்தே பிறக்க வேண்டும். வரிசையாகப் பட்டியல் போட்டுக் கேட்டால் அது போலீஸ் விசாரணை.

பிற்சேர்க்கை 1: இப்படிப் பார்த்தால் சில ஆண்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள் என்று இரண்டு வாசகிகள் எழுதியிருந்தார்கள். நியாயம்தான், நான் யோசிக்காத விஷயம். அதில் ஒருவர் கண்டுபிடித்த வழி: மூன்றாவது ஆளையும் பேச்சில் இழுத்து, பார்வையை இருவருக்கும் பிரித்துக் கொடுப்பது.

பிற்சேர்க்கை 2: ஊரில் பெரியவர்கள் கண்ணை நேராகப் பார்த்தால் திமிர் என்பார்களே? ஆமாம். அங்கே நான் மூக்குக் கீழே பார்த்துத் தலையசைப்பதோடு சரி.

பிற்சேர்க்கை 3: வீடியோ காலில் எதிராளி முகம் தெரியும் கட்டத்தைக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்திவிடுங்கள். பேச்சை முடிக்கும்போது மட்டும் கேமராவைப் பார்த்தால் போதும்.