எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு ஒரு வாளிப் பரிசு: படிப்படியாக

எஸ்.பி.எம். எழுதி முடித்து முடிவு வரச் சில மாதம் ஆகும். மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக் அழைப்புக் கடிதம் அதற்கும் பிறகுதான். விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு வேண்டியதை ஒரு வாளியில் அடுக்கிப் பரிசாகத் தயாரிக்க இந்த இடைவெளி நல்ல நேரம். கையால் செய்வதை இப்போதே தொடங்குங்கள், கடையில் வாங்குவதைக் கடிதம் வரும்வரை தள்ளிப்போடுங்கள். சுங்கை சிப்புட்டில் என் அண்ணன் மகளுக்கு நாங்கள் செய்ததையே உதாரணமாகச் சொல்கிறேன்.

படி 1: பழைய சேலையில் தலையணை உறை

பல விடுதிகளில் கட்டிலும் மெத்தையும்தான் இருக்கும், தலையணையை நாமே கொண்டுபோக வேண்டும். அதனால் நினைவுப் பொருளாக வைக்க நினைக்கும் சேலையை உறையாகத் தைத்துவிட்டால் தினமும் பயன்படும். அலமாரிக்குள் மடித்துக் கிடக்கும் நினைவுப் பொருளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் கட்டிய பருத்தி வாயில் சேலையை எடுத்தோம். பட்டும் நைலக்ஸும் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் நைலக்ஸ் வியர்வையை உறிஞ்சாது, பட்டு கன்னத்தில் வழுக்கும்.

முதலில் துணியை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் வலை மாதிரி வெளிச்சம் விடும். இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுக்கும்போது இழை விலகினால் அந்தப் பகுதியைத் தவிருங்கள். கீழ்க்கரைப் பக்கம் குதிகாலில் உரசி உரசிச் சீக்கிரம் நையும். சேலை முழுக்க மெலிந்திருந்தால் உள்ளே வெள்ளை மல் துணி ஒன்றைச் சேர்த்துத் தைக்கலாம்.

தலையணை 19க்கு 29 அங்குலம் என்றால் 22 அங்குல அகலம், 70 அங்குல நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். சேலையின் அகலம் பெரும்பாலும் 44 அங்குலம் இருக்கும், அதைப் பாதியாக்கினால் சரியாக வரும். மற்ற பாதியில் பாட்டிக்கும் ஓர் உறை.

இரண்டு குறுகிய ஓரங்களையும் ஓர் அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். நீளம் 68 ஆகிவிடும். இப்போது துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஒரு முனையிலிருந்து 31 அங்குலத்தை எதிர் முனையை நோக்கி நல்ல பக்கத்தின் மேலேயே மடியுங்கள். எதிர் முனையில் 6 அங்குலம் வெளியே நிற்கும். அதை முதல் மடிப்பின் மேல் கவிழ்த்து, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, உள்புறத்தை வெளியே திருப்பிவிடுங்கள். கவிழ்த்த பகுதி உள்ளே போய்த் தலையணையைப் பிடித்துக்கொள்ளும், ஜிப்போ பொத்தானோ தேவையில்லை. மடிப்பு வரிசை மாறினால் அந்த 6 அங்குலம் வெளியே வந்து நிற்கும். அப்படி வந்தால் பக்கத் தையலைப் பிரித்து மீண்டும் மடித்தால் போதும்.

படி 2: கடிதத்தைப் படித்த பிறகு கடை

கடிதத்தோடு வரும் விதிகளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் நல்ல பரிசு போலத்தான் தெரியும், ஆனால் அறையில் வைக்கக் கூடாது என்று பல விடுதிகளில் தடை உண்டு. சோதனையில் கிடைத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

நீள ஒயர் வைத்த பிளக் போர்டுக்கு அனுமதி இருந்தால் சிரிம் முத்திரை ஒட்டியதை வாங்குங்கள். பசார் மாலாமில் கிடைக்கும் மலிவுப் போர்டு வேண்டாம். ஒயர் மெல்லியதாக இருந்தால் சூடேறும்.

பூட்டு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அலமாரியின் கொக்கித் துளை சிறியதாக இருந்தால் பெரிய பூட்டின் வளையம் நுழையாது. துளையின் அளவு தெரியாதபோது வளையம் மெல்லியதாக உள்ள பூட்டை வாங்குவதே நல்லது. ஒரு சாவியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வாளிக்குள் அடுக்குதல்

பரிசுப் பெட்டி வாங்கவில்லை. மூடி உள்ள 15 லிட்டர் வாளிதான் பெட்டி. பொதுக் குளியலறைக்குச் சோப்பு, துணி தூக்கிப் போகவும் துணி ஊறவைக்கவும் அது வேண்டும். ஆனால் விடுதியில் நீல வாளிகள் வரிசையாக நிற்கும், எது யாருடையது என்றே தெரியாது. பக்கத்திலும் அடியிலும் மார்க்கரால் பெயர் எழுதி, அழியாமலிருக்க மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள்.

அடியில் பிளக் போர்டு, பூட்டு. அதன் மேல் பிளாஸ்டிக் உறைகள் உள்ள கோப்பு, பதிவு நாளன்று அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தேர்வு முடிவு ஆகியவற்றின் நகல்களை வைக்க. இடைவெளிகளில் ஈரம் புகாத டப்பாவில் வறுத்த நெத்திலியும் கடலையும். நெத்திலி முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள், சூட்டோடு மூடினால் நீர் கோத்து நமத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே தலையணை உறை.

மூடியைத் திறந்ததும் அண்ணன் மகள், "அத்தை, இது பாட்டி சேலைதானே?" என்றாள். பிறகு நெத்திலி டப்பாவைத் திறந்தாள். விடுதிக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. அண்ணி மறுபடியும் வறுக்க வேண்டியதாயிற்று.