அம்மாவின் குடும்ப ஓய்வூதியம்: என் அனுபவம்

மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்ற அப்பா 64 வயதில் இறந்தார். குடும்ப ஓய்வூதிய விண்ணப்பப் படிவம், புதுக் கணக்கு, இரண்டு சாட்சிகள் என்று வங்கியில் அம்மாவை இரண்டு முறை அலையவிட்டார்கள். அப்புறம்தான் அப்பாவின் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வைப் புரட்டினேன். அதில் அம்மா பெயர் இருந்தது. ஓய்வூதியக் கணக்கும் இருவர் பெயரில்தான். அப்படியானால் அந்தப் படிவம் தேவையில்லை. வெள்ளைத்தாளில் ஒரு விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. நகல், அம்மாவின் வயதுச் சான்று, கூடுதலாகப் பணம் வந்தால் திருப்பித் தருவதாக உறுதிமொழி, இவ்வளவே கொடுத்தோம். அதே கணக்கில் பணம் வந்தது.

தொகை பின்னால் குறையும் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டேன். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000. அப்பாவுக்கு 67 நிரம்பியிருக்கும் நாள்வரை பாதி, 30,000. பிறகு 30 சதவீதம், 18,000. அகவிலைப்படி தனி.