வார்டு இன்சார்ஜ் அசைன்மென்ட்: "எல்லாருக்கும் பி.பி. எடுத்துடும்மா" என்று எழுதாதீர்கள்

போன மாதம் என் பழைய வார்டில் வேலை செய்யும் மூன்று தங்கைகள் தங்கள் அசைன்மென்ட்டைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். மூன்றும் ஒரே தலைப்பு: பரபரப்பான ஷிப்டில் இன்சார்ஜ் தாதி யாருக்கு எந்த வேலையைக் கொடுக்கிறார், எதை முதலில் செய்கிறார். பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியில் உட்கார்ந்து படித்தேன். பாதியிலேயே கோபம் வந்துவிட்டது. அவர்கள் மேல் இல்லை. பல வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் எழுதியிருந்தேன், அதைவிட மோசமாக அதையேதான் செய்தும் இருந்தேன்.

எழுத்துப்பிழை, மேற்கோள் முறை, சொல் வரம்பு எல்லாம் உங்கள் லெக்சரர் சொல்வார். அதற்குள் நான் போகவில்லை.

ஐந்து "சரி"களை ஒப்பிப்பது

சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. திருத்துபவருக்கு இது மனப்பாடம். உங்கள் ஷிப்டில் இந்த ஐந்தில் எது உடைந்ததோ அதை மட்டும் எழுதுங்கள்.

வேலையைக் கொடுத்துவிட்டு, எப்போது கூப்பிட வேண்டும் என்று சொல்லாமல் விடுவது

இன்னும் என்னை உறுத்துவது இதுதான்.

மத்தியான ஷிப்ட், 2 மணியிலிருந்து 9 மணி வரை. மெடிக்கல் வார்டு, 28 படுக்கை, எல்லாம் நிரம்பியிருந்தது. நான் இன்சார்ஜ். மூன்று ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பிபிகே அண்ணன், இரண்டாம் வருட மாணவி ஒருத்தி. பாஸ் ஓவர் முடிந்ததும் மாணவியிடம், "12லிருந்து 18 வரைக்கும் வைட்டல் சைன்ஸ் எடுத்து சார்ட்ல எழுதிடும்மா" என்றேன். "சரி சிஸ்டர்" என்று போனாள். நான் டிஸ்சார்ஜ் பேப்பர்களில் மூழ்கிவிட்டேன்.

14ஆம் படுக்கையில் இருந்தவர் டெங்கி நோயாளி, இருபத்து சொச்சம் வயது, காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள். காலையில் 38.4 இருந்த சூடு 36.9க்கு இறங்கியிருந்தது. அவருடைய அம்மா வாசலில் நின்ற என்னிடமே சொன்னார்: "காய்ச்சல் விட்டுருச்சு மிஸ்ஸி, வயிறுதான் வலிக்குதுங்கிறான்." நான் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனேன். டெங்கியில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்கும் என்பதும், வயிற்று வலி எச்சரிக்கை அறிகுறி என்பதும் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் கையில் வேறொருவரின் மருந்துச்சீட்டு இருந்தது.

மாணவி 3.05க்கு 14ஐ அடைந்தாள். பி.பி. 104/88, நாடி 116, மூச்சு 18, ஆக்சிஜன் 98. எல்லாவற்றையும் அழகாக எழுதிவிட்டு 15க்குப் போனாள். அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை, நான் சொன்னதைத்தான் செய்தாள்.

அந்த எண்களை இப்போது பாருங்கள். மேல் எண் 104 என்றால் யாருக்கும் பதறத் தோன்றாது. ஆனால் 104க்கும் 88க்கும் நடுவில் இருப்பது 16 மட்டுமே. டெங்கியில் அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீர் வெளியேறுவதால் குழாய்கள் இறுகி, கீழ் எண் ஏறுகிறது. மேல் எண் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அது விழும்போது நேரம் கடந்திருக்கும்.

பிரிட்டனிலிருந்து வந்த நியூஸ் 2 மதிப்பெண்ணை மூன்று தங்கைகளுமே அசைன்மென்ட்டில் வைத்திருந்தார்கள். அதைப் போட்டுப் பாருங்கள். மேல் எண்ணுக்கு 1, நாடிக்கு 2, மற்றவற்றுக்குப் பூஜ்யம். மொத்தம் 3. அவசரம் என்று கூப்பிட 5 வேண்டும். அந்த மதிப்பெண் கீழ் எண்ணைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால் "மதிப்பெண் முறையைப் பின்பற்றி முன்னுரிமை கொடுத்தேன்" என்று மட்டும் எழுதினால், இந்த நோயாளி உங்கள் பட்டியலில் கீழேதான் கிடப்பார்.

4.10க்கு 14க்கு மருந்து கொடுக்கப் போன ஸ்டாஃப் நர்ஸ் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், சில்லென்று இருந்தது. விரல் நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப மூன்று நான்கு விநாடி ஆனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த 16 சார்ட்டில் சும்மா கிடந்திருக்கிறது. எம்.ஓ. ஓடி வந்தார், ரத்தம் எடுத்து எச்.சி.டி. பார்க்க அனுப்பி, உடனே டிரிப்பை வேகப்படுத்தி, மாலையே எச்.டி.யூ.வுக்கு மாற்றினார். நோயாளி பிழைத்துவிட்டார். அது என்னுடைய சாமர்த்தியம் இல்லை.

இதை அசைன்மென்ட்டில் எப்படி எழுதுவது? பெரும்பாலானோர் "தகவல் பரிமாற்றம் போதவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். என்ன போதவில்லை? இரண்டு விஷயம்.

முதலாவது, நான் ஏழு படுக்கையை ஒரே வேலையாகப் பார்த்தேன். பி.பி. எடுப்பது மாணவிக்குக் கொடுக்கக்கூடிய வேலைதான், ஆனால் யாருக்கு எடுப்பது என்பதைப் பொறுத்து அது மாறிவிடும். ஆறு படுக்கையில் அது எண் எடுக்கும் வேலை. 14இல் அது நோயாளியை மதிப்பிடும் வேலை. காய்ச்சல் அப்போதுதான் இறங்கிய டெங்கி நோயாளி நிலையாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது. அந்த ஒருவரை ஸ்டாஃப் நர்ஸிடம் கொடுத்திருக்க வேண்டும், மாணவி பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாம்.

இரண்டாவது, ஆள் பற்றாமல் மாணவியைத்தான் அனுப்ப முடியும் என்றாலும், சொல்லும் விதம் இப்படி இருந்திருக்க வேண்டும்: "முதல்ல 14க்குப் போம்மா. மேல் நம்பர்லேருந்து கீழ் நம்பரைக் கழிச்சுப் பாரு. 20 இல்ல அதுக்குக் கீழ வந்தாலோ, நாடி 100ஐத் தாண்டினாலோ, கை சில்லுன்னு இருந்தாலோ, எழுதுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடு. நான் கவுன்டர்ல இருப்பேன். மூணு மணிக்கு நானே வந்து பார்க்கிறேன்." பிறகு அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். மொத்தமாக அரை நிமிடம். உங்கள் அசைன்மென்ட்டில் இந்த வாக்கியங்களை அப்படியே எழுதிக் காட்டுங்கள். திருத்துபவர் தேடுவது அதைத்தான்: எண், நேரம், எங்கே இருப்பேன், எப்போது திரும்பி வருவேன்.

சத்தம் போடுகிறவரை முதலில் பார்ப்பது

அந்த ஒரு மணி நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? 9ஆம் படுக்கை உறவினர், டிஸ்சார்ஜ் தாமதம் என்று கவுன்டரில் சத்தம் போட்டார். ஃபார்மசிக்கு நான்கு முறை போன் செய்தேன். அது ஸ்டாஃப் நர்ஸ் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. நான் தலைகீழாகப் பிரித்திருந்தேன்: போனை என்னிடம் வைத்துக்கொண்டு 14ஐக் கை மாற்றிவிட்டேன்.

மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையை எல்லோரும் எழுதுகிறார்கள். அன்று பாஸ் ஓவர் நேரத்தில் அந்த வரிசைப்படி வார்டில் எவருக்கும் ஆபத்து தெரியவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் யாருடைய நிலை மாறக்கூடும் என்று கேட்டிருந்தால் 14தான் முதலில் வந்திருக்கும். பாஸ் ஓவர் தாளில் அந்தக் கேள்விக்குப் பதிலாக இரண்டு படுக்கை எண்ணை வட்டமிட்டுவிட்டு ஷிப்டைத் தொடங்குவது இப்போது என் வழக்கம்.

"மாணவி தெரிவிக்கத் தவறினாள்"

இந்த வரி உங்கள் அசைன்மென்ட்டில் இருந்தால் வெட்டுங்கள். தெரிவிக்கச் சொன்னீர்களா என்று முதலில் எழுதுங்கள்.

"டீம்வொர்க் சரியில்லை"

யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்? அது இல்லாவிட்டால் இதையும் வெட்டுங்கள்.

நோயாளியை அடையாளம் காட்டுவது

வேண்டாம். படுக்கை எண்ணை மாற்றுங்கள், நேரத்தையும் மாற்றுங்கள். மேலே நானும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த 16 மட்டும் உண்மை.