‘சிம்’மில் வைத்தால் சிம்மர் ஆகிவிடுமா? சமையல் குறிப்பில் தடுக்கும் மூன்று சொற்கள்

தனியாக அறை எடுத்துத் தங்கி, யூடியூபையோ வெளிநாட்டுச் சமையல் தளத்தையோ பார்த்துச் சமைக்கத் தொடங்குபவர்களுக்கு அல் தெந்தே, சிம்மர், பிரெய்ஸ் ஆகிய மூன்று சொற்களில்தான் கைதடுக்கும். இவற்றில் ஒன்று பதத்தின் பெயர், ஒன்று கொதியின் பெயர், ஒன்று சமைக்கும் முறையின் பெயர். மூன்றும் ஒரே சாப்பாட்டில் வரும்படி, தக்காளியில் பிரெய்ஸ் செய்த கோழிக்கால், கூடவே பென்னே பாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு ஒன்றே போதும்.

வேண்டியவை

முழுக் கோழிக்கால் 2 (தொடையும் காலும் சேர்ந்தது, சுமார் 500 கிராம்), பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல், நன்கு பழுத்த தக்காளி 3, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, இடித்த மிளகாய் அரைத் தேக்கரண்டி, உப்பு, பென்னே 100 கிராம். பாஸ்தா ஒருவருக்கான அளவு. கோழியில் ஒரு கால் மறுநாளைக்கு மிஞ்சும்.

நெஞ்சுக்கறி வாங்காதீர்கள். பிரெய்ஸ் என்பது கறியின் இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெதுவாக இளகிக் கூழாக மாறுவதை நம்பி நடக்கும் முறை. காலில் அது உண்டு, நெஞ்சில் மிகக் குறைவு. 40 நிமிடம் வெந்த நெஞ்சுக்கறி சக்கையாகத்தான் இருக்கும்.

முதலில் பிரெய்ஸ்: சிவக்க வைத்து, கொஞ்ச நீரில், மூடி

கறியை ஈரம் போகத் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுத்து, முக்கால் தேக்கரண்டி உப்பைத் தடவுங்கள். ஈரம் இருந்தால் சட்டியின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். கறி சிவக்காமல் வெளுத்து வேகும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கறியை வைத்துவிட்டு, 4 முதல் 5 நிமிடம் தொடாமல் விடுங்கள். அடியில் ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம். சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும். மறுபுறமும் அப்படியே சிவக்க வைத்துத் தட்டில் எடுத்துவிடுங்கள்.

அதே எண்ணெயில் நீளவாக்கில் நறுக்கிய வெங்காயத்தை 6, 7 நிமிடம் வதக்கி, தட்டிய பூண்டு, மிளகாய், பொடியாக நறுக்கிய தக்காளி, அரைத் தேக்கரண்டி உப்பு சேருங்கள். தக்காளி விடும் நீரில் சட்டியின் அடியைச் சுரண்டுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் பழுப்புதான் இந்தக் குழம்புக்கு மசாலா. கறுத்துக் கசப்பு வாடை வந்திருந்தால் மட்டும் அதைக் கழுவிவிட்டுப் புது எண்ணெயில் வதக்குங்கள்.

கறியைத் திரும்ப வைத்து முக்கால் கப் நீரைப் பக்கவாட்டில் ஊற்றுங்கள். நம் குழம்பில் கறி மூழ்கிக் கிடக்கும். பிரெய்ஸில் பாதி உயரத்துக்குத்தான் நீர். மேல்பாதி மூடிக்குள் சுற்றும் ஆவியில் வேகும். நீர் கூடிவிட்டால் கறியின் சாறெல்லாம் அதில் கரைந்து ரசம்போல் நிற்கும்.

பாத்திரம் கனமாக இருக்க வேண்டும். ஹார்ட் அனோடைஸ்டு கடாய் எனக்குப் பிடித்தது. அது இல்லையென்றால் பிரஷர் குக்கரின் அடிப்பாத்திரத்தை எடுத்து, சாதாரணத் தட்டால் மூடுங்கள். மெல்லிய எவர்சில்வர் சட்டி வேண்டாம், தக்காளி அடிப்பிடிக்கும். குக்கரையே மூடி விசில் விட்டால் என்ன என்று கேட்பார்கள். உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறுவதால் கறி சீக்கிரம் வெந்து நார்நாராகப் பிரிந்துவிடும், குழம்பும் கெட்டிப்படாது. உண்ணலாம், ஆனால் அது வேறு பண்டம்.

சிம்மர்: குமிழைப் பார்க்காதீர்கள், குமிழியைப் பாருங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ‘சிம்மில் வை’ என்று நாம் சொல்லும் சிம், சிம்மர் என்ற சொல்லின் குறுக்கமேதான். ஆனால் அடுப்புக் குமிழில் இருக்கும் சிம் தீயின் அளவைச் சொல்கிறது. குறிப்பில் வரும் சிம்மர் சட்டிக்குள் இருக்கும் நீரின் நிலையைச் சொல்கிறது. பெரிய பர்னரில் சிறிய சட்டியை வைத்தால் சிம்மிலும் தளதளவென்று கொதிக்கும். சிறிய பர்னரில் கனத்த சட்டி நிறைய இருந்தால் சிம்மில் அசைவே இருக்காது.

நீர் நிலையை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஆவி வருகிறது, மேற்பரப்பில் அசைவில்லை என்றால் இன்னும் சிம்மர் வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு குமிழிகள் எழுந்து உடைந்தால் அதுதான் சிம்மர். சூடு ஏறக்குறைய 85 முதல் 95 டிகிரி செல்சியஸ். மேற்பரப்பு முழுக்கப் புரண்டு எழுந்தால் அது கொதி. கொதியில் கறியின் தசைநார் இறுகித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும், குழம்பும் அடிப்பிடிக்கும்.

செய்யும் வரிசை: முதலில் தீயைக் கூட்டிக் கொதி வரவிடுங்கள், பிறகு குறையுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றியவுடன் சிம்முக்குப் போனால் கொதிநிலையை எட்டவே கால் மணி ஆகும், குறிப்பில் உள்ள நேரக்கணக்கு பொய்யாகிவிடும். அடுத்து, மூடுவதற்கு முன் பார்த்த சிம்மர் மூடிய பின் இருக்காது. ஆவி உள்ளேயே நிற்பதால் சூடு ஏறிக் கொதியாகிவிடும். மூடி 3 நிமிடம் கழித்துத் திறந்து பார்த்து, தீயை மறுபடி சரிசெய்யுங்கள். சிம்மிலும் அடங்கவில்லையா? சிறிய பர்னருக்கு மாற்றுங்கள், அல்லது மூடியை ஒரு விரல் அளவு சாய்த்து வையுங்கள்.

இப்படியே 40 நிமிடம், நடுவில் ஒருமுறை கறியைத் திருப்பிவிடுங்கள். முள்கரண்டியைக் குத்தித் திருகினால் சதை எலும்பைவிட்டு வர வேண்டும். ரப்பர்போல் எதிர்த்தால் இன்னும் 10 நிமிடம் நேரம் கொடுங்கள், தீயைக் கூட்டாதீர்கள். கடைசியில் மூடியைத் திறந்து 5 நிமிடம் வற்ற வைத்து, கறியைத் தட்டில் எடுத்து மூடிவைத்துவிட்டுக் குழம்பை இறக்குங்கள்.

*பிற்சேர்க்கை:* விடுதியில் இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்கள் ‘10 விநாடி பொங்குகிறது, 10 விநாடி அடங்கிவிடுகிறது’ என்கிறார்கள். விலை குறைந்த இண்டக்‌ஷன்கள் குறைந்த வாட்டில் அணைந்து எரிந்துதான் சூட்டைக் குறைக்கும். அடிகனத்த பாத்திரம் அந்த ஏற்ற இறக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும். அப்போதும் பொங்கினால் மூடியைச் சாய்த்து, நீரை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

அல் தெந்தே: பல்லில் தெரியும் பதம்

இத்தாலிய மொழியில் ‘பல்லுக்கு’ என்று பொருள். கடிக்கும்போது பல்லுக்கு ஒரு சிறு எதிர்ப்பு இருக்க வேண்டும், மாவு வாடை இருக்கக் கூடாது. பிரியாணி அரிசியின் முக்கால் பதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த அரிசி தம்மில் இன்னும் வேக வேண்டியது. அல் தெந்தே உண்ணும் பதம்.

பாக்கெட்டில் டூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள். அதன் புரதம் வலுவானது, வெந்தாலும் உருக்குலையாது. மைதா பாஸ்தாவில் இந்தப் பதம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

1 லிட்டர் நீரை இப்போது தளதளவென்றே கொதிக்கவிட்டு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் பாஸ்தாவும் போட்டு உடனே கிளறுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், குழம்பு ஒட்டாமல் வழுக்கும். பாக்கெட்டில் 11 நிமிடம் என்றிருந்தால் 8-ஆவது நிமிடத்திலிருந்தே ஒன்றை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் தடித்த வெள்ளைக் கோடு தெரிந்தால் வேகவில்லை. கோடு முடியளவுக்கு மெலிந்து, மறையப்போகும் நிலையில் இருந்தால் இறக்குங்கள். அரைக் கப் வேகவைத்த நீரை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை வடியுங்கள். பச்சைத்தண்ணீரில் அலசாதீர்கள், மேலிருக்கும் மாவுச்சத்து போய்விடும்.

குழம்பில் பாதியைச் சூடாக்கி, பாஸ்தாவையும் எடுத்துவைத்த நீரில் கால் கப்பையும் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டுங்கள். மிச்சமிருந்த கோடு அதில் வெந்துவிடும். இறக்கி, கோழிக்காலை மேலே வைத்து உடனே உண்ணுங்கள். கால் மணி ஆறினால் பாஸ்தா குழம்பை உறிஞ்சிக் குழைந்துவிடும். மறுநாளைக்குக் கோழியையும் மீதிக் குழம்பையும் மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், பாஸ்தாவை அப்போது புதிதாக வேகவையுங்கள்.