விகித மதிப்பீடு: மொத்தம் தெரிந்திருந்தும் கணக்கு தப்பும் இடங்கள்

ஒரு ஒன்றியத்தில் 40 ஊர்கள், மொத்தம் 12,000 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். குடிநீர் இணைப்பு தேவைப்படும் வீடுகள் எத்தனை என்று தெரிய வேண்டும். எல்லா ஊருக்கும் போக ஆள் இல்லாததால், குலுக்கல் முறையில் 5 ஊர்களை எடுத்து வீடு வீடாகக் கேட்கிறோம். கணக்கு புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை:

வீடுகள்: 20, 330, 400, 500, 750 (கூட்டினால் 2,000)
இணைப்பு தேவைப்படுபவை: 16, 66, 88, 110, 170 (கூட்டினால் 450)

ஊருக்குச் சராசரி 90 வீடு, 40 ஊருக்கு 3,600 என்று சொல்லிவிடலாம். ஆனால் மாதிரியில் ஊருக்குச் சராசரி 400 வீடுகள் இருக்கின்றன. ஒன்றியம் முழுவதற்கும் பார்த்தால் சராசரி 300தான். குலுக்கலில் பெரிய ஊர்கள் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டன. இதைச் சரிசெய்யத்தான் விகித மதிப்பீடு: 450-ஐ 2,000-ஆல் வகுத்தால் 22.5 சதவீதம், அதை 12,000-ஆல் பெருக்கினால் 2,700.

முதல் தவறு இந்த வகுத்தலிலேயே நடக்கிறது. பலர் ஒவ்வோர் ஊருக்கும் சதவீதம் போட்டு (80, 20, 22, 22, 22.7) அவற்றின் சராசரியை எடுப்பார்கள். 33.3 சதவீதம் வரும், மொத்தம் 4,000 ஆகிவிடும். இருபதே வீடுள்ள குக்கிராமம் 750 வீடுள்ள ஊருக்குச் சமமாக நின்று கணக்கை இழுத்துவிட்டது. ஊர்களைச் சமவாய்ப்பில் எடுத்திருந்தால், முதலில் இரண்டு வரிசையையும் தனித்தனியே கூட்டுங்கள், அப்புறம் வகுங்கள்.

அடுத்த தவறு கண்ணுக்கே தெரியாது. அந்த 12,000 எங்கிருந்து வந்தது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து என்றால், நம் 5 ஊர்களுக்கும் அதே 2011 எண்ணைத்தான் போட வேண்டும். களத்தில் நாமே எண்ணிய 2,000 புதியது, துல்லியமானது, அதையே போடலாமே என்றுதான் தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது. அந்த 5 ஊர்களில் 2011-இல் 1,600 வீடுகளே இருந்தன என்று வையுங்கள். 450-ஐ 1,600-ஆல் வகுத்து 12,000-ஆல் பெருக்கினால் 3,375. புதிய 2,000-ஐப் போட்டால் 2,700. இடையில் கட்டிய வீடுகள் வகுக்கும் இடத்தில் இருக்கின்றன, பெருக்கும் இடத்தில் இல்லை. அதனால் தேவை சத்தமில்லாமல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பட்டியல் பழையதாக இருப்பது அவ்வளவு பெரிய குற்றமில்லை, இரண்டு இடத்திலும் ஒரே பட்டியலாக இருந்தால் போதும். பழசானதால் விகிதம் ஊருக்கு ஊர் சிதறும், பிழை வரம்பு விரியும், அவ்வளவுதான்.

காலம் மட்டுமல்ல, எதை எண்ணினார்கள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் பொதுவாக ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள். ரேஷன் அட்டை அப்படிப் பிரிவதில்லை, ஒரே அடுப்புக்கு இரண்டு அட்டை இருப்பது புதிதா என்ன? இதைவிட மோசம், மொத்தமே தெரியாமல் பெருக்குவது. 1802-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் பிரான்சின் மக்கள்தொகையை இதே வழியில்தான் கணித்தார். ஒரு பிறப்புக்கு 28.35 பேர் என்ற விகிதத்தை மாதிரி ஊர்களிலிருந்து ஒழுங்காக எடுத்தார். ஆனால் நாட்டின் ஆண்டுப் பிறப்புகளைப் பத்து லட்சம் என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டார். அந்த எண் ஆடினால் விடையும் அதே அளவுக்கு ஆடும்.

இன்னொன்று: தேவை ஊரின் அளவோடு சேர்ந்து வளராத இடத்திலும் இதைப் பயன்படுத்துவது. ஊர் பெரிதோ சிறிதோ, ஊருக்கு ஏறத்தாழ 60 வீடுகளுக்குத்தான் தேவை என்றால் உண்மையான மொத்தம் 2,400. வெறும் சராசரியே அதைச் சொல்லிவிடும். விகிதமோ 5 ஊர்களின் தேவை 300-ஐ 2,000-ஆல் வகுத்து, 12,000-ஆல் பெருக்கி, 1,800 என்று சொல்லும். ஆகவே முதலில் ஒரு வரைபடம் போடுங்கள்: கிடையாக வீடுகள், செங்குத்தாகத் தேவை. புள்ளிகள் ஆதிப்புள்ளி வழியாகப் போகும் ஒரு நேர்கோட்டை ஒட்டி இருந்தால் விகிதம் சரி. கோடு மேலே எங்கோ தொடங்கினால், அந்தத் தொடக்கத்தையும் கணக்கில் சேர்க்கும் தொடர்புப்போக்கு மதிப்பீட்டுக்குப் போய்விடலாம்.

நம் எண்களில் கோடு கிட்டத்தட்ட ஆதியில்தான் தொடங்குகிறது. அதன் பலன் பிழைக் கணக்கில் தெரியும். திட்டப்பிழை என்பது குலுக்கலுக்குக் குலுக்கல் விடை எவ்வளவு மாறும் என்பதன் அளவு. வெறும் சராசரியின் திட்டப்பிழை சுமார் 950 வீடுகள், விகிதத்தின் திட்டப்பிழை சுமார் 120. விகிதத்தின் திட்டப்பிழையைப் போடும்போது தேவை எண்களின் சிதறலை எடுக்கக்கூடாது. ஒவ்வோர் ஊரிலும் உள்ள தேவையிலிருந்து அந்த ஊர் வீடுகளின் 22.5 சதவீதத்தைக் கழித்து, மிஞ்சுவதன் சிதறலை எடுக்க வேண்டும். அதற்காக 120-ஐ அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஐந்தே ஊர் என்னும்போது இந்தச் சூத்திரம் பிழையைக் குறைத்தே காட்டும், விகிதத்துக்கும் ஒரு சின்னச் சாய்வு, அதாவது விடை ஒரே பக்கமாக விலகும் போக்கு, உண்டு. 30 ஊர் எடுக்க முடிந்தால் அந்தச் சாய்வு பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாத அளவுக்கு இறங்கிவிடும்.